இருபது பேரை டேக் செய்ய முடியும் என்பதற்காக

முகூர்த்த மாதங்களில் கல்யாணப் புகைப்படக்காரர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்து வந்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். மாலை மாற்றும் படம் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் படம் முழுக்கப் பெயர்கள் முளைக்கும். மேக்கப் செய்தவர், பூ அலங்காரம் செய்தவர், புடவைக் கடை, மண்டபம் என்பது வரை நியாயம். அதற்கு மேலும் பட்டியல் நீளும்: அந்தக் கல்யாணத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரபல டிசைனர், படங்களைத் திரட்டிப் போடும் வெட்டிங் பக்கங்கள் நாலைந்து, கேமரா கம்பெனி, வேறு ஊரின் பெரிய ஸ்டூடியோக்கள். ஒரு பதிவில் இருபது பேரை டேக் செய்யலாம் என்று இன்ஸ்டாகிராம் விட்டிருப்பதால் இருபதையும் நிரப்பிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் யாருடைய உழைப்போ உருவமோ கண்ணுக்குத் தெரிகிறதோ அவரை மட்டும் டேக் செய்வதுதான் முறை என்பது என் நிலைப்பாடு. மணமக்கள் விஷயத்தில் அதுவும் போதாது. அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இதில் குழப்பம் வருவதற்குக் காரணம், மூன்று வேறு வசதிகளை ஒன்றாக நினைப்பது. படத்தின் மேல் டேக் செய்தால், அந்தப் படம் டேக் செய்யப்பட்டவரின் பக்கத்திலேயே ஒரு தனிப் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும்; அவருடைய வாடிக்கையாளர்கள் அங்கே அதைப் பார்ப்பார்கள். கேப்ஷனில் @ போட்டுப் பெயர் எழுதினால் அவருக்குத் தகவல் போகும், படிப்பவர் தட்டினால் அவர் பக்கம் திறக்கும், ஆனால் அவர் பக்கத்தில் எதுவும் சேராது. இடத்தைக் குறிப்பது மூன்றாவது வகை. அது பதிவின் தலைப்பகுதியில் ஊர் அல்லது மண்டபத்தின் பெயரைக் காட்டும். மண்டபத்தாரின் கணக்குக்கு அதனால் தகவல் போகாது. ஆக, படத்தின் மேல் டேக் செய்வது இன்னொருவரின் கடைச் சுவரில் நம் படத்தை மாட்டுவதற்குச் சமம். அந்தச் சுவரில் இருக்கத் தகுதியுள்ள படமா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

மதுரையில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் பத்துப் படங்கள் கொண்ட ஒரே பதிவு போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்திலும் தனித்தனியாக டேக் செய்ய முடியும் என்பதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. முதல் படத்திலேயே எல்லோரையும் குவித்துவிடுகிறார்கள். மணப்பெண்ணின் முகம் நெருக்கமாகத் தெரியும் படத்தில் மேக்கப் செய்தவரையும், நகை வாடகைக்குக் கொடுத்தவரையும் டேக் செய்யலாம். மணமேடை முழுதாகத் தெரியும் படத்தில் அலங்காரம் செய்தவரைச் சேர்க்கலாம். கைகள் மட்டும் தெரியும் படம் மருதாணி வைத்தவருக்கு உரியது. மண்டபத்தின் முகப்போ கூடமோ அடையாளம் தெரியும்படி ஒரு படம் இருந்தால் அதில் மண்டபத்தை டேக் செய்யலாம். இல்லையென்றால் இடத்தைக் குறிப்பதே போதும். பிறகு கேப்ஷனில், கல்யாணத்தைப் பற்றிய இரண்டு வரிகளுக்குக் கீழே, வேலையைச் சொல்லிப் பெயரைச் சொல்ல வேண்டும்: 'ஒப்பனை', 'மேடை அலங்காரம்', 'மருதாணி' என்று ஆளுக்கொரு வரி. வேலையைச் சொல்லாமல் பெயர்களை மட்டும் அடுக்கினால் அலங்காரத்துக்கு ஆள் தேடும் குடும்பத்துக்கு எந்தப் பெயரைத் தட்டுவது என்றே தெரியாது. பதிவு ஏறியதும் ஒவ்வொரு பெயரையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்தோ ஒரு புள்ளியோ மாறினாலும் அந்த வரி வேறொருவரின் பக்கத்துக்குப் போய்விடலாம்.

வாடிக்கையாளரின் நிலை வேறு. பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், படம் எடுக்கச் சொன்னவரே என்கிறது நம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. தொழிலில் இருப்பவர்களிலேயே பலர் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் 'படங்களை எங்கள் பக்கத்தில் போடலாம்' என்று எழுதி வாங்கியிருந்தாலும், அது படத்துக்கான அனுமதி. மணப்பெண்ணின் சொந்தக் கணக்குக்கு வழி காட்ட அது அனுமதி ஆகாது. பொதுவெளியில் உள்ள பக்கத்தில் அவரை டேக் செய்தால் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அவர் கணக்கைத் தட்டுவார்கள். ஆகவே தேதி உறுதியாகும்போதே கேட்டுவிடுவது நல்லது: கணக்கைக் குறிப்பிடலாமா, பெயர் மட்டும் போதுமா, அதுவும் வேண்டாமா? பந்தக்கால், நலங்கு என்று வீட்டில் நடந்தவற்றின் படங்களில் வீடு இருக்கும் இடத்தை ஒருபோதும் குறிக்கக் கூடாது.

டேக் செய்யாவிட்டால் படம் எப்படிப் பரவும், சிறிய ஸ்டூடியோவுக்கு வேறு விளம்பரம் ஏது என்று கேட்பார்கள். கேள்வியில் இருக்கும் பிழைப்புக் கவலை உண்மையானது. ஆனால் டேக் செய்துவிட்டால் எதிராளியின் ரசிகர்களுக்கெல்லாம் படம் போய்ச் சேர்ந்துவிடாது. அவருக்கு ஒரு தகவல் போகிறது, அவர் பக்கத்தின் தனிப் பகுதியில் படம் சேர்கிறது, அவ்வளவுதான். அவர் அதைத் தன் ஸ்டோரியில் எடுத்துப் போட்டால்தான் படம் பரவும். தன் வேலை தெளிவாகத் தெரியும் படத்தை எடுத்துப் போடுவார். தன் வேலையே இல்லாத படத்தை ஏன் போடப்போகிறார்? ஒரே கல்யாணத்தைப் பன்னிரண்டு பதிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதே இருபது பேரை இழுத்தால் மொத்தம் 240 தகவல்கள். அலுத்துப்போனவர் செய்யக்கூடியவை இரண்டு: டேக்குகளைத் தான் ஒப்புக்கொண்ட பிறகே பக்கத்தில் காட்டும்படி அமைத்துக்கொள்வார், அல்லது யாருமே டேக் செய்ய முடியாதபடி மூடிவிடுவார். அதன் பிறகு உண்மையாகவே அவருடன் வேலை செய்தவர்களுக்கும் கதவு அடைபட்டுவிடும். எதிராளியின் பார்வையாளர்களை நிஜமாகவே அடைய விரும்பினால் 2021இல் வந்த கொலாப் வசதி இருக்கிறது. அதில் அழைப்பு அனுப்பி, அவர் சம்மதித்தால் ஒரே பதிவு இருவர் பக்கத்திலும் வரும். கேட்டுப் பெறுவதால் அதில் யாருக்கும் எரிச்சல் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் எனக்குக் கனமாகப் படுகிறது: குறைத்தால் யாராவது விடுபட்டுப் புண்படுவார்களே? இப்போதே விடுபட்டுத்தான் இருக்கிறார்கள். தொடர்பே இல்லாத டிசைனருக்கு இடம் கொடுக்கும் அதே பதிவில் நாதஸ்வரக்காரர் பெயரும் தவில்காரர் பெயரும் இல்லை. இரண்டாவது கேமரா பிடித்த இளைஞர், பந்தியைச் சமைத்துப் பரிமாறிய குழு, யாரும் இல்லை. காரணம், அவர்களில் பலருக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு கிடையாது. அவர்களைக் குறிப்பிட்டுப் புகைப்படக்காரருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நன்றிதான் நோக்கம் என்றால் @ இல்லாமலேயே அவர்களிடம் கேட்டு அவர்கள் பெயரையும் ஊரையும் எழுதலாம். அவர்களுக்கு அது ஒரு சிபாரிசுச் சீட்டாகவே உதவும். மண்டபமோ கடையோ இலவசமாகவோ சலுகையிலோ எதையாவது கொடுத்து, அதற்குப் பதிலாகப் பெயர் போடச் சொல்லியிருந்தால் அது நன்றி ஆகாது, விளம்பரம். இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைகள், இப்படிப்பட்ட உறவைப் படிப்பவர் கண்ணில் உடனே படும்படி சொல்ல வேண்டும் என்கின்றன. பெயர்ப் பட்டியலுக்கு நடுவே அதை ஒளிக்க முடியாது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பதிவுகளைத் திறந்து, படத்தில் இல்லாதவர்களின் டேக்குகளை நீக்குங்கள். இனி யாராவது தங்கள் பெயரை எடுக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.