இருமல் பாணியும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

ரொறொன்ரோவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தபோது கொழும்பில் பொழுது விடிந்திருக்கவில்லை. "மாமா, அம்மாவுக்குக் காய்ச்சல். ஆனால் இது காய்ச்சல் போல இல்லை" என்றான். அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. மூன்று நாட்களாக வறட்டு இருமல். அன்றிரவு உடம்பெல்லாம் வியர்த்து, இதயம் படபடத்து, ஓரிடத்தில் இருக்க முடியாமல் எழுந்து எழுந்து நடந்திருக்கிறார். கால்கள் தாமாகவே உதறிக்கொண்டிருந்தன. கண்மணிகள் விரிந்திருந்தன. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. சளிக்காய்ச்சல் முற்றிவிட்டதாகவே வீட்டில் எல்லோரும் எண்ணினார்கள்.

வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர் அக்காவின் பாதத்தைப் பிடித்து, விரல்கள் மேல்நோக்கி வரும்படி சட்டென்று மடக்கிப் பார்த்தாராம். கையால் அழுத்திப் பிடித்திருந்தபோதும் பாதம் தாளம் போடுவது போல மேலும் கீழுமாகத் துடித்துக்கொண்டேயிருந்தது. அவர் உடனே கேட்ட கேள்வி இதுதான்: "இவர் என்னென்ன மருந்துகள் எடுக்கிறார்? கடையில் வாங்கியவற்றையும் சொல்லுங்கள்."

அக்கா மனச்சோர்வுக்காகப் பரொக்செற்றின் என்ற மாத்திரையைப் பல வருடங்களாக எடுத்துவருகிறார். போர் எங்கள் குடும்பத்திடமிருந்து பறித்தவற்றை நான் இங்கு விவரிக்கப் போவதில்லை. அந்த மாத்திரையைப் பற்றி அவர் வெளியே பேசுவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அவருடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன்.

மற்றைய மருந்து, பாமசியில் எவரும் எடுத்துக் காசு கொடுத்துவிட்டு வரக்கூடிய இருமல் பாணி. அதன் பெயருக்குப் பின்னால் "டி.எம்." என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. டெக்ஸ்ரோமெதோர்பன் என்பதன் சுருக்கம் அது. கொடெயின் போல அடிமைப்படுத்தாத இருமல் மருந்தொன்று வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது. அமெரிக்காவில் 1958இல் அங்கீகாரம் பெற்றது. சொன்ன அளவில் எடுத்தால் பெரும்பாலானோருக்குத் தீங்கற்றது. வளர்ந்தோருக்கான உச்ச அளவு நாளொன்றுக்கு 120 மில்லிகிராம்.

அக்கா எவ்வளவு எடுத்தார்? அவருடைய பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 15 மில்லிகிராம் மருந்து. கரண்டியால் அளக்காமல் போத்தலை வாயில் வைத்து ஒரு மிடறு குடிப்பது அவர் வழக்கம். மிடறு ஒன்றை 20 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டால் 60 மில்லிகிராம். இருமல் வரும்போதெல்லாம், பகலில் நான்கு தடவை. அதுவே 240. இரவில் நித்திரைக்கென்று இன்னொரு தடிமன் மருந்து. அதிலும் இதே டெக்ஸ்ரோமெதோர்பன் கலந்திருந்ததை எவரும் கவனிக்கவில்லை. உச்ச அளவின் இரண்டு மடங்கு தாண்டிவிட்டது.

ஆனால் கதை இந்தக் கணக்கோடு முடியவில்லை. டெக்ஸ்ரோமெதோர்பனைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதியம் உடைத்து, டெக்ஸ்ரோர்பன் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. பெரும்பாலானோரின் இரத்தத்தில் மூல மருந்து சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். பரொக்செற்றின் அந்த நொதியத்தையே முடக்கிவிடும். எனவே அக்காவின் உடலில் முதல் மிடறு கரைந்து போவதற்கு முன்பே இரண்டாவது வந்து சேர்ந்தது, அதன்மேல் மூன்றாவது. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்த நொதியம் பிறப்பிலேயே வேலை செய்வதில்லை. நம்மவரிலும் சிலர் அப்படிப் பிறக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருப்பதில்லை.

இந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால் இம்மருந்தின் இரண்டு முகங்களும் தெளிவாகும். மாறிய பொருளான டெக்ஸ்ரோர்பன், மூளையில் கெற்றமின் என்ற மயக்க மருந்து போய்ப் பற்றும் அதே இடத்தைப் பற்றுகிறது. அளவு மிஞ்சும்போது மனம் உடலிலிருந்து கழன்றுவிடுகிறது. கை கால்கள் தன்னுடையவை அல்ல என்று தோன்றும், நேரம் இழுபடும், நடை இயந்திரம் போலாகும். அந்த நிலையில் வீதியைக் கடப்பவருக்கு வாகனம் வருவது தெரிந்தாலும் அது தன்னை நோக்கி வருவதாக உறைப்பதில்லை. இளைஞர் சிலர் நாடுவது இந்த முகத்தை. மாறாமல் எஞ்சும் மூல மருந்துக்கோ வேறொரு முகம். நரம்புக் கலங்கள் வெளிவிட்ட செரட்டோனினைத் திரும்ப உள்ளிழுப்பதை அது தடுக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகள் செய்வதும் அதைத்தான். இரண்டும் ஒரே கதவை அடைத்தால் செரட்டோனின் தேங்கி நரம்பு மண்டலம் கொதிக்கத் தொடங்கும். அக்காவுக்கு நேர்ந்தது இது. வைத்தியர் பாதத்தில் கண்ட துடிப்பு அதன் கையொப்பம். சாதாரணக் காய்ச்சலில் அது வருவதில்லை.

அக்கா தப்பினார். இரண்டு மருந்துகளையும் நிறுத்தி, நரம்பைத் தணிக்கும் ஊசி ஏற்றி, உடலைக் குளிர்வித்து, செரட்டோனினைத் தடுக்கும் சைப்ரோஹெப்ரடின் என்ற பழைய ஒவ்வாமை மாத்திரையையும் கொடுத்தார்கள். மறுநாள் மாலை தேநீர் கேட்டிருக்கிறார். ஆனால் உடல்வெப்பம் 41 பாகையைத் தாண்டித் தசைகள் விறைத்துவிட்டால் உயிரே போகும். பழைய எம்.ஏ.ஓ. தடுப்பு மாத்திரைகளை எடுப்பவருக்கு அளவான இருமல் பாணியே ஆபத்து. அவற்றை நிறுத்தி இரண்டு வாரங்கள் கழியும் வரை இதைத் தொடக்கூடாது. ட்ரமடோல் என்ற வலி மாத்திரையும், லினெசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் இதே எச்சரிக்கைக்கு உரியவை.

அதிகாரிகள் இதுவரை என்ன செய்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் மாத்திரை வடிவில் விற்ற டெக்ஸ்ரோமெதோர்பன், இளைஞரின் துஷ்பிரயோகத்தால் 1973இல் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. பதின்ம வயதினர் ஐவரின் மரணங்களை அடுத்து 2005இல் அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. 2012 முதல் கலிபோர்னியாவில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பது தடை. இவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவை யாவும் முதலாவது முகத்தை மட்டுமே பார்க்கின்றன. அறுபத்தெட்டு வயது அக்காவை எந்த வயதுத் தடை காப்பாற்றும்?

இந்த நொதிய முடக்கம் மருந்துக் கம்பனிகளுக்குத் தெரியாத இரகசியமும் அல்ல. டெக்ஸ்ரோமெதோர்பன் விரைவில் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதனுடன் குயினிடினைச் சேர்த்து 2010இலும், பியூப்ரோபியனைச் சேர்த்து 2022இலும் அமெரிக்காவில் புதிய மருந்துகள் அங்கீகரிக்கப்பட்டன. பின்னையது மனச்சோர்வுக்கே கொடுக்கப்படுவது. அங்கே வைத்தியர் அளந்து, கண்காணித்துச் செய்யும் காரியத்தை, இங்கே ஒரு மூதாட்டி சமையலறையில் நின்று தெரியாமல் செய்துவிடுகிறார்.

என் வாதம் எளியது. பாணியை விற்பவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "மனதுக்கோ வலிக்கோ ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா?" அந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டம் தேவையில்லை. அதற்கு உண்மையான பதில் கிடைப்பதுதான் கடினம். அக்கா ஆறு வருடங்களாக ஒரே பாமசிக்குப் போகிறார். ஆனால் பரொக்செற்றினை மட்டும் இரண்டு பஸ் ஏறி வேறொரு கடையில் வாங்கிவந்தார். அவர் வழக்கமாகப் போகும் கடையில் நிற்பவர் தமிழர். ஊரில் எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. சர்க்கரை வியாதி மாத்திரையை மேசையில் வைத்துக்கொண்டு விருந்தினருடன் பேசும் நாம், மன வியாதி மாத்திரையை அலுமாரித் துணிகளுக்கு அடியில் ஒளிக்கிறோம். பாமசியின் கணினி இரண்டு மருந்துகளையும் ஒருசேரப் பார்த்திருந்தால் எச்சரித்திருக்கக்கூடும். நாம்தான் பார்க்க விடவில்லை.

இதைப் படித்துவிட்டு மனச்சோர்வு மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது வேறொரு ஆபத்து. கைவிட வேண்டியது பாணியைத்தான்.

அக்கா இப்போது இரண்டையும் ஒரே கடையில் வாங்குகிறார். அந்தப் பிள்ளை முதல் நாள் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதானாம்: "அன்ரி, என்ர அம்மாவும் இதைத்தான் எடுக்கிறா."