‘கடின உழைப்பாளி’னு எழுதாதீங்க, தேதியை எழுதுங்க!

காங்கேயம் பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு கோவைக்கு வேலைக்கு வரும் இளைஞர்களில் சிலர், ஷிப்ட் முடிந்ததும் ரூமுக்குப் போவதில்லை. பேக்டரி யூனிபார்மோடு நேராக மாலை வகுப்புக்குப் போகிறார்கள். அவர்கள் படிப்பது பகுதிநேர பி.இ. கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி. ஆகியவை நடத்தி வந்த படிப்பு இது. டிப்ளமோவோடு வேலை அனுபவமும் இருப்பவர்களுக்கானது. மொத்தம் 7 செமஸ்டர், அதாவது மூன்றரை ஆண்டு.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தவரின் ரெஸ்யூமைப் பார்த்தால், மேலே உள்ள சுருக்கத்தில் ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமும் அர்ப்பணிப்பும் உள்ளவர்’ என்று இருக்கும். இரண்டாம் பக்கத்தின் அடியில் ‘பி.இ. மெக்கானிக்கல், 2025’ என்று ஒரே வரி. என் கருத்தில் இது தலைகீழாக எழுதப்பட்ட ரெஸ்யூம். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வார்த்தை மேலே நிற்கிறது. இவர் மட்டுமே காட்டக்கூடிய ஆதாரம் கீழே ஒளிந்திருக்கிறது.

எப்படி மாற்றுவது? ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2019-லிருந்து ஒரு பம்ப்செட் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறார். 2021-ல் மாலை வகுப்பில் சேர்ந்து 2025-ல் பட்டம் வாங்கினார். அவருடைய சுருக்கம் இப்படி இருக்கலாம்:

‘பம்ப் உற்பத்தியில் தர ஆய்வுப் பணியில் 2019 முதல் அனுபவம். 2021–2025-ல் முழுநேர வேலையில் இருந்தபடியே பகுதிநேர பி.இ. மெக்கானிக்கல் (மாலை வகுப்பு). 7 செமஸ்டர், அரியர் இல்லை. அதே காலத்தில் இன்ஸ்பெக்டரிலிருந்து லைன் பொறுப்பாளராகப் பதவி உயர்வு.’

இதில் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் படிப்பவர் இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டு, அந்த முடிவுக்குத் தானே வந்துவிடுவார். நாம் சொல்வதைவிட அவரே கண்டுபிடிப்பதற்கு மதிப்பு அதிகம்.

கடைசி வாக்கியம்தான் இதில் முக்கியம். வேலைக்கு எடுப்பவர் மனதில் கேட்காத ஒரு கேள்வி இருக்கும்: ‘படிப்பு படிப்புனு வேலையைக் கோட்டை விட்டிருப்பாரோ?’ பதவி உயர்வு அதற்குப் பதில் சொல்கிறது. பதவி உயர்வு கிடைக்கவில்லையா? அந்த ஆண்டுகளில் வேலையில் செய்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். புதிதாகப் பொறுப்பேற்ற மெஷின், குறைத்துக் காட்டிய ரிஜெக்‌ஷன், எதுவாக இருந்தாலும் சரி. அது இல்லாமல் பட்டத்தை மட்டும் எழுதினால், பாதி ஆதாரம்தான்.

பலர் தவறு செய்வது ‘பகுதிநேரம்’ என்ற சொல்லில். ரெகுலர் பட்டத்தைவிட மட்டமாக நினைப்பாங்களோ என்ற கூச்சத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். விளைவு என்ன? ஒரே ஆண்டுகளில் முழுநேர வேலையும் பி.இ.யும் வருகிறது. சான்றிதழ் சரிபார்ப்பவருக்கு இரண்டில் ஒன்று பொய் என்று தோன்றும். கூச்சப்பட்டு மறைத்த அந்த ஒரு சொல்தான் சந்தேகத்தைத் தீர்த்திருக்கும்.

அரியர் வைத்து ஐந்து ஆண்டில் முடித்திருந்தால்? ‘அரியர் இல்லை’ என்பதை எடுத்துவிடுங்கள், ஆண்டுகளை மாற்றாதீர்கள். தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கும். தோற்ற பேப்பரை வேலையோடு வேலையாகத் திரும்ப எழுதி முடித்ததும் சொல்லக்கூடிய விஷயம்தான், இன்டர்வியூவில் கேட்டால்.

இந்த ஆதாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சில வேலைகளுக்கு, பட்டம் பெற்ற பிறகான அனுபவத்தை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். நம் உதாரணத்தில் இருப்பவர் 2019-லிருந்து எண்ணிச் சொன்னால், அங்கே விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். அதனால் அனுபவம் எப்போது தொடங்கியது, பட்டம் எப்போது கிடைத்தது என்பது தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, இந்த வரி என்றைக்கும் மேலேயே இருக்க வேண்டியதில்லை. மாலை வகுப்பு ஒருவரின் பழக்கத்தைக் காட்டும். அவருக்கு என்ன வேலை தெரியும் என்பதைக் காட்டாது. நான்கைந்து ஆண்டு கழித்து, பெரிய பொறுப்புகளைப் பார்த்தபின், அது கல்வித் தகுதிப் பகுதிக்கு இறங்கிவிடலாம். ஆனால் பட்டம் வாங்கிய கையோடு தேடும் முதல் வேலைக்கு, அது இருக்க வேண்டிய இடம் முதல் மூன்று வரிக்குள்தான்.