ஓதத்துக்கு யார் காரணம்?

ஐப்பசி பிறந்தால் நம் ஊரில் பெயிண்ட் கடைக்காரருக்கும் கொத்தனாருக்கும் நல்ல வேலை. சுவரில் ஓதம் தெரிந்ததும் சுரண்டி, பட்டி வைத்து, மேலே ஒரு கோட்டிங் அடித்துவிடுவார்கள். அடுத்த மழையில் அது மறுபடி பொரிந்து உதிரும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் சுவரைத் தொடுவது வீண் செலவு என்பது என் கருத்து. சில சமயம் செலவோடு மனிதர்களுக்குள் மனக்கசப்பும் சேர்ந்துகொள்ளும்.

தஞ்சாவூரிலேயே என் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கீழே அவர் குடியிருக்கிறார், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். கீழ் அறையின் கிழக்குச் சுவரில், ஜன்னலுக்கு மேலே, முறம் அளவுக்கு ஓதம். பெயிண்ட் கொப்பளித்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதற்கு நேர் மேலே மாடிக் குளியலறை. "அவங்க தண்ணிய ஊத்தி ஊத்திக் குளிக்கிறாங்க சார், அதான்" என்று சொல்லி, தை மாதத்துக்குள் காலி செய்யும்படி அவர்களிடம் கூறிவிட்டார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பம் அது.

"ஒரு மாசம் பொறுங்க" என்று கேட்டுக்கொண்டு, ஓதத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினேன். கோட்டைத் தாண்டி ஈரம் பரவும் ஒவ்வொரு முறையும் புதுக் கோடு, புதுத் தேதி. கூடவே காலண்டரில் மழை பெய்த நாளையும் குறிக்கச் சொன்னேன்.

மொட்டை மாடியின் மேல் சந்தேகம் முதலிலேயே தீர்ந்தது. அங்கிருந்து தண்ணீர் இறங்கினால் முதலில் மாடி வீட்டுக் கூரையும் சுவரும் நனைய வேண்டும். அவை இரண்டும் காய்ந்தே இருந்தன.

அடுத்தது குழாய். இரவு 10 மணிக்குத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, மோட்டார் போடாமல், யாரும் தண்ணீர் எடுக்காமல் விட்டோம். காலை 5 மணிக்கு மட்டம் இறங்கவில்லை. எப்போதும் தண்ணீர் நிற்கிற குழாய்களில் ஒழுகல் இல்லை என்று ஆனது. ஆனால் கழிவுக் குழாயை இந்தச் சோதனை காட்டாது. அதில் குளிக்கும்போது மட்டும்தானே தண்ணீர் ஓடும்?

அதற்குத் தீபாவளி உதவியது. மாடிக் குடும்பம் 5 நாள் ஊருக்குப் போயிருந்தது, குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. ஓதம் கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை பரவிவிட்டது. அவர்கள் திரும்பி வந்து தினமும் குளித்தார்கள், மழை இல்லை. ஓதம் உள்ளே சுருங்கியது. மழையோடு வளர்ந்து வெயிலோடு சுருங்குவது குளியலறைத் தண்ணீர் அல்ல.

மிச்சம் வெளிச்சுவர். வடகிழக்குப் பருவமழைச் சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும். சில நாள் காயவிட்டு, ஓஸ் குழாயால் சுவரை நனைத்தோம். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் கீழே வழிந்து, எந்த இடம் குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு மட்டத்திலும் அரை மணி நேரம் நனைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஜன்னல் சன்ஷேடின் மேல்பக்கம் நனைந்த பிறகுதான், ஒன்றரை மணி நேரத்தில், உள்ளே ஈரம் தெரிந்தது.

ஏணி போட்டுப் பார்த்தால், சன்ஷேட் முழுக்க வேப்பிலைச் சருகு. அதன் வாட்டமோ வெளியே போகாமல் சுவரை நோக்கி இருந்தது. சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். சருகை அள்ளி, விரிசலை அடைத்து, வெளிப்பக்கம் வாட்டம் வரும்படி சிமெண்ட் கலவை போட்டு, அந்த மூலையை உருட்டிப் பூசினார் கொத்தனார். ஒரு நாள் வேலைதான்.

உடனே பெயிண்ட் அடிக்க விடவில்லை. உள்சுவரில் ஒரு சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்தோம். மறுநாள் அதன் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மாசி வரை பொறுத்த பிறகே தாள் வியர்க்காமல் நின்றது. உப்பைப் பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு அதன்பின் பெயிண்ட் அடித்தார்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தரையிலிருந்து இரண்டு, மூன்றடி உயரம் வரை நீளமாகப் பிடிக்கும் ஓதம் பெரும்பாலும் வேறு வகை. வாய்க்காலில் தண்ணீர் வந்து, நிலத்தடி நீர் ஏறும் நாட்களில் அஸ்திவாரம் வழியாக ஊறுவது அது. மேலே சொன்ன வைத்தியம் அதற்குப் பலிக்காது.

மாடிக் குடும்பம் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறது. ஓதம் கண்டால் முதலில் ஒரு பென்சிலும் காலண்டரும் எடுங்கள். கொத்தனாரையும் குடியிருப்பவரையும் பிறகு கூப்பிடலாம்.