ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

சமவெளியில் இருப்பவர்களுக்கு மே மாதத்தில் கரண்ட் பில் எகிறும். நமக்கு டிசம்பர், ஜனவரியில். ஃபேன் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு பில்லா என்று கோயமுத்தூரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஹீட்டரைப் போட்டால்தான் படுக்கப் போக முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மாலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், குன்னூர்க்காரர், போன மாதம் சொன்னார்: "ஐந்நூறைத் தாண்டிட்டா அவ்வளவு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய் நாற்பது காசு போட்டுடறாங்க சார்." பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இது சரியல்ல. ஆனால் அவருடைய கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2024 ஜூலை முதல் நம் வீட்டு இணைப்புகளுக்கு உள்ள கட்டணம் இது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. 201 முதல் 400 வரை ரூ.4.70. 401 முதல் 500 வரை ரூ.6.30. அதற்கு மேல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45 என்று ஏறிக்கொண்டே போகும்.

இதை மாடிப்படி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நாலாவது படியில் ஏறினால் நாலாவது படிக்கு மட்டும்தான் அந்த விலை. கீழே ஏறி வந்த படிகளின் விலை மாறாது. 340 யூனிட் செலவான வீட்டைப் பாருங்கள். முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு ரூ.235. மீதி 140-க்கு ரூ.658. மொத்தம் ரூ.893. அதே கணக்கில் சரியாக 500 யூனிட் ஓடினால் 235, 940, 630 மூன்றையும் கூட்டி ரூ.1,805.

இதுவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சிக்கல் 501-ல் வருகிறது.

மேலே சொன்ன ரூ.2.35 என்பது பாதி விலை. 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கும் முழு விலை ரூ.4.70 தான். 500-க்குள் நிற்பவர்களுக்கு மட்டும் அதில் பாதி சலுகை. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை முழுவதும் போய்விடுகிறது. அப்போது 101 முதல் 400 வரை 300 யூனிட்டுக்கும் ரூ.4.70 வீதம் ரூ.1,410. அடுத்த 100-க்கு ரூ.630. அந்த ஒரு யூனிட்டுக்கு ரூ.8.40. மொத்தம் ரூ.2,048.40. அதாவது ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை எட்டு ரூபாய் நாற்பது காசு அல்ல, ரூ.243.40!

நண்பரின் வீட்டில் ஓடியது 530 யூனிட். அவர் நினைத்தபடி எல்லாவற்றுக்கும் ரூ.8.40 போட்டிருந்தால் ரூ.4,452 வந்திருக்கும். வந்தது ரூ.2,292. சராசரி யூனிட்டுக்கு ரூ.4.32 தான். ஆனால் 500-ல் நின்றிருந்தால் ரூ.1,805 கட்டியிருப்பார். கூடுதலான அந்த 30 யூனிட்டுக்கு ரூ.487. யூனிட்டுக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல். வலி அங்கேதான் இருக்கிறது.

முப்பது யூனிட் என்பது எவ்வளவு? ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். தினம் அரை மணி நேரம் முன்னதாக அணைத்தால் அறுபது நாளில் முப்பது யூனிட். அவ்வளவுதான். நம் வீடுகளில் பழியை எல்லாம் கீசர் மேல் போடுகிறோம். பதினைந்து லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அரை யூனிட்டிலிருந்து முக்கால் யூனிட் வரை போதும். மாலை மூன்று மணி நேரம் எரியும் ஹீட்டர் மூன்று யூனிட் தின்னும். இரண்டாயிரம் வாட் என்றால் ஆறு. அதனால் குளிக்கும் வெந்நீரில் கஞ்சத்தனம் வேண்டாம், ஹீட்டரைக் கவனியுங்கள்.

ஐந்நூறை நெருங்குகிறோமா என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும். அதில் kWh என்று காட்டும் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கடைசியாக எடுத்த ரீடிங்கைக் கழியுங்கள். நாற்பத்தைந்தாவது நாளில் 390 யூனிட் ஓடியிருந்தால், தினம் எட்டரைக்குச் சற்று மேல். இப்படியே போனால் அறுபதாம் நாள் 520. இன்னும் பதினைந்து நாளைக்குத் தினம் ஏழு யூனிட்டில் ஓட்டினால் 495-ல் நின்றுவிடலாம்.

இதில் நம் கையில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. ரீடிங் எடுப்பவர் மூன்று நாள் தாமதமாக வந்தால் அந்தக் குளிரில் இருபத்தைந்து யூனிட் கூடிவிடும். நாம் கட்டுப்பாடாக இருந்தும் ஐந்நூறைத் தாண்டிவிடுவோம். ஆகவே பில்லில் தொகையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு ரீடிங்குக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். வீடு பூட்டியிருந்து நாலு மாதத்துக்குச் சேர்த்து ரீடிங் எடுத்தால், யூனிட்டை இரண்டாகப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். 800 யூனிட்டை இரண்டு 400-ஆகப் பிரித்தால் மொத்தம் ரூ.2,350. பிரிக்காமல் ஒரே பில்லாகப் போட்டால் ரூ.4,770. இரண்டு மடங்குக்கும் மேல். ஊட்டியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் போய் இருந்து வருபவர்கள் இதை அவசியம் சரிபார்க்க வேண்டும்.

அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்கட்டும் என்ற ஏற்பாட்டை நான் எதிர்க்கவில்லை. ஒற்றை பல்பு எரியும் எஸ்டேட் லைன் வீட்டுக்கும் ஆறு ஹீட்டர் ஓடும் பங்களாவுக்கும் ஒரே விலை இருக்கக் கூடாது. மலைக்கு மட்டும் தனிக் கட்டணம் வேண்டும் என்றும் கேட்கவில்லை. நமக்கு ஹீட்டர் எப்படியோ, மே மாத வேலூரில் வயதானவர்களுக்கு ஏசி அப்படி. என் எதிர்ப்பெல்லாம் அந்த ஒற்றைப் படியின் உயரத்துக்குத்தான். மற்றப் படிகளில் கால் வைத்தால் ஒரு யூனிட்டுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுகிறது. இந்த ஒரு படியில் மட்டும் ஒரே எட்டில் ரூ.235 பறிபோகிறது.

சலுகையை எடுக்கத்தான் வேண்டும் என்றால் சிறிது சிறிதாக எடுக்கலாமே. 500-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரூ.2.35 வீதம் சலுகையைக் குறைத்தால் 600-ல் அது முழுவதும் தீர்ந்துவிடும். பங்களாக்காரர் இப்போது கட்டுவதையே கட்டுவார். 501 யூனிட் ஓடியவர் ரூ.2,048-க்குப் பதில் ரூ.1,816 கட்டுவார். 530 ஓடிய நம் நண்பருக்கு ரூ.2,127.50. அரசுக்கு ஆகும் செலவு 500-க்கும் 600-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

கட்டண மாற்றத்துக்கு முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்பது வழக்கம். அடுத்த முறை கேட்கும்போது "பில் அதிகம்" என்று எழுதினால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். "ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டுக்கு ரூ.243.40 வாங்குகிறீர்கள்" என்று கணக்கோடு எழுதுங்கள். அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.