வாடகைச் சலுகை கேட்கும் கடிதம்



வீதியை அகலமாக்கக் கடை வாசலில் கான் வெட்டினால் வாடிக்கையாளர் வருவது நின்றுவிடும். வாடகை நிற்காது. பலர் உரிமையாளரிடம் வாயால் சொல்லிவிட்டுக் குறைத்துக் கொடுக்கிறார்கள். பின்பு அந்த மிச்சம் நிலுவையாகக் கணக்கிடப்பட்டு, கடையை விடச் சொல்வதற்கே காரணமாகிவிடுகிறது. ஆகவே எழுத்தில் கேட்பதே பாதுகாப்பு.

கணவரை இழந்த ஒரு சகோதரி தேநீர், பலகாரக் கடை நடத்துகிறார். வாடகை 20,000 ரூபா. முன்பு நாளொன்றுக்கு 9,000 ரூபா விற்றது. கான் வெட்டிய பின் 3,600 ரூபா. பொருட்செலவு போக மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அது நாளுக்கு 1,200 ரூபா. கடை திறக்கும் 26 நாட்களுக்கு 31,200 ரூபா. வாடகை கொடுத்தால் மீதி 11,200 ரூபா. காஸ், மின்கட்டணம், பிள்ளைகளின் செலவு எல்லாம் அதற்குள்தான். அவர் எழுதிய கடிதம் இது:

"மதிப்புக்குரிய ஐயா,
தங்கள் கட்டடத்தில் நான்கு வருடங்களாகக் கடை நடத்தி, வாடகையைத் தவறாமல் செலுத்தி வருகிறேன். மே மாதம் 5ஆம் திகதி முதல் கடை முன்பாகக் கான் வெட்டப்பட்டு வாசல் அடைபட்டுள்ளது. விற்பனை 9,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவாகக் குறைந்துள்ளது. கணக்குக் கொப்பியின் பிரதியை இணைத்துள்ளேன். யூன், யூலை, ஓகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களுக்கு வாடகையை 10,000 ரூபாவாகக் குறைத்துத் தருமாறு தயவுடன் கேட்கிறேன். அதனை ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன் செலுத்துவேன். செப்டெம்பரிலிருந்து முழு வாடகையும் தருவேன். குறைக்க இயலாவிடில், மிகுதி 30,000 ரூபாவைச் செப்டெம்பர் முதல் மாதம் 3,000 ரூபா வீதம் பத்து மாதங்களில் செலுத்த அனுமதிக்கவும்."

இக்கடிதத்தில் குறைப்பதும் பிற்போடுவதும் தனித்தனியாகக் கேட்கப்பட்டுள்ளதைக் கவனியுங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதினால், மிகுதியைத் தள்ளிவிட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். கடன் என்று அவர் நினைப்பார். "வேலை முடியும் வரை" என்றும் எழுத வேண்டாம். வீதி வேலை இழுபடும் என்று அவருக்கும் தெரியும். முடிவில்லாத சலுகைக்குத் தயங்குவார். மூன்று மாதத்திலும் வாசல் திறபடாவிட்டால், தவணை முடிவதற்கு முன்பே புதிய கடிதம் கொடுங்கள்.

"முற்பணத்தில் கழித்துக்கொள்வோம்" என்று அவர் சொல்லக்கூடும். சம்மதிப்பதானால், எவ்வளவு கழிகிறது, அதை மீண்டும் நிரப்ப வேண்டுமா என்பதை எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் கடையை விடும் நாளில் கையில் ஒன்றும் வராது.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவரும் வாடகையை நம்பி வாழ்பவராக இருக்கலாம்; அவர் சொல்வதையும் கேளுங்கள். இணங்கினால், உங்கள் பிரதியில் "சம்மதம்" என்று எழுதித் திகதியுடன் கையொப்பமிடச் சொல்லுங்கள். குறைத்த வாடகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதில் "யூன் மாத வாடகை முழுவதும்" என்று இருக்க வேண்டும். வெறுமனே "10,000 ரூபா பெற்றேன்" என்றிருந்தால் அது பாதி வாடகை என்றே பிறகு வாசிக்கப்படும்.