ஆப் இல்லாமல் நேரடி புக்கிங்: பெங்களூரு ஹோம்ஸ்டே கணக்கு என்ன சொல்கிறது?

பெங்களூரு ஜெயநகரில் உங்களுக்கு இரண்டு அறை ஹோம்ஸ்டே இருக்கு, ஒரு நாள் வாடகை 3,000 ரூபாய்னு வைத்துக்கொள்ளுங்க. ஒருவர் இரண்டு நாள் தங்குகிறார்.

ஆப் வழியாக வந்தால்?

கமிஷன் 15% என்று கொண்டால் 900 ரூபாய் போகும். அந்தக் கமிஷனுக்கு 18% ஜிஎஸ்டி, அதாவது 162 ரூபாய். உங்க கைக்கு வருவது 4,938. விருந்தினரோ வாடகைக்கு 5% ஜிஎஸ்டி சேர்த்து 6,300 ரூபாய் கட்டுகிறார்.

நேரடியாக வந்தால்?

ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாமல், ஜிஎஸ்டி பதிவும் இல்லை என்றால், நேரடி புக்கிங்கில் அந்த வரி இல்லை. ஆப் வழியாக வரும்போது மட்டும் அதை ஆப் நிறுவனம் வசூலித்துக் கட்டணும். 5,700 ரூபாய்க்குக் கொடுத்தால் விருந்தினருக்கு 600 மிச்சம், உங்களுக்கு 762 கூடுதல்.

ஆப்பை விட விலை குறைக்கலாமா?

ஒரு காலத்தில் ஒப்பந்தமே அதைத் தடுத்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. ஆனாலும் உங்க ஒப்பந்தத்தை ஒருமுறை படிச்சுப் பாருங்க. ஆப்பில் ஏற்கெனவே புக் செய்தவரை வெளியே இழுப்பது விதிமீறல். கணக்கே முடங்கலாம்.

அப்போ சிக்கல் எங்கே?

முன்பின் தெரியாதவருக்கு யுபிஐயில் முன்பணம் அனுப்ப யாரும் தயங்குவாங்க. ஆப் விற்பது அந்த நம்பிக்கையைத்தான். வீடியோவும் படமும் ரிவ்யூவும் அந்த இடத்தை நிரப்பணும்.

வீடியோ 30 விநாடி போதும். உங்க கேட்டிலிருந்து படிக்கட்டு, அறை, குளியலறை வரை வெட்டாமல் நடந்து காட்டுங்க. இடம் நிஜம் என்பதற்கு அதுவே சாட்சி. படத்தில் அறையை அகலமாகக் காட்டும் லென்ஸ் வேண்டாம். லிஃப்ட் இல்லை, காலையில் ஹாரன் சத்தம் கேட்கும், தண்ணீர் டேங்கரில் வருது என்றால் அதையும் எழுதிடுங்க. நேரடி புக்கிங்கில் ஏமாந்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது நீங்கதான். நடுவில் யாரும் இல்லை.

ரிவ்யூவை, விருந்தினர் கிளம்பிய அன்றே கூகுள் லிங்க் அனுப்பிக் கேளுங்க. தள்ளுபடி கொடுத்து வாங்கக் கூடாது. கூகுள் விதிப்படி அது தவறு, நீக்கிடுவாங்க. குறை சொன்ன ரிவ்யூவுக்கு என்ன சரி செய்தீங்கன்னு பதில் எழுதுங்க.

ஆப்பை விட்டுடலாமா?

வேண்டாம். முதல்முறை வருபவர் பெரும்பாலும் ஆப்பில்தான் தேடுவார். மறுமுறை வருபவரும், அவர் அனுப்பும் நண்பரும்தான் உங்க நேரடி வாடிக்கையாளர். அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீங்க?"னு கேட்டுக் குறிச்சு வைங்க. மூன்று மாதக் குறிப்பைப் பார்த்தால், வீடியோவுக்குக் கிடைத்தது வெறும் லைக்கா, புக்கிங்கானு தெரிஞ்சிடும்.