மருமகனா, அண்ணன் மகனா?

சூலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பாருங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. தாய்மாமன்! அவர் கொண்டுவந்த சீர்த்தட்டுகள் வரிசையாக இருக்கும். குழந்தையின் சித்தப்பாவும் அங்கேதான் இருப்பார். வந்தவர்களைப் பந்திக்கு அனுப்பிக்கொண்டு, சமையல்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டு அலைவார். மாமன் சீரோடு வருகிற விருந்தாளி, சித்தப்பா அந்த வீட்டு ஆள். இரண்டு பேரையும் மாற்றி உட்கார வைத்தால் அங்கேயே சண்டை வந்துவிடும்.

ஆனால் இதே இரண்டு பேரையும் ஆங்கிலத்தில் எழுதினால் இருவருமே "அங்கிள்". அந்தக் குழந்தை இருவருக்குமே "நெஃப்யூ". காதுகுத்தில் நடக்காத ஆள்மாறாட்டம் வாழ்க்கை வரலாறுகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் சர் சி.வி.ராமன் குடும்பம். 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு. 1983-ல் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு நோபல் பரிசு. இருவருக்கும் என்ன உறவு? ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் "நெஃப்யூ" என்று சரியாகவே சொல்கின்றன. அதைத் தமிழாக்குகிறவர் அகராதியைப் புரட்டுகிறார். அங்கே மருமகன் என்று இருக்கிறது. உடனே "ராமனின் மருமகன் சந்திரசேகர்" என்று எழுதிவிடுகிறார். வேலை முடிந்தது!

தமிழில் மருமகன் என்றால் இரண்டே பேர்தான். ஒன்று மகளின் கணவன், இன்னொன்று ஒரு ஆணுக்கு அவனுடைய சகோதரியின் மகன். (பெண்ணுக்கு என்றால் அவளுடைய சகோதரனின் மகன்.) ராமனுக்கு இரண்டும் மகன்கள், மகள் இல்லை. ஆகவே முதல் அர்த்தம் அடிபட்டுப் போகிறது. இரண்டாவதும் சரியில்லை. சந்திரசேகரின் அப்பா சி.சுப்பிரமணிய ஐயர், ராமனின் சொந்த அண்ணன். அண்ணன் மகன் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் மருமகன் ஆகமாட்டான். மகன்தான். ராமன் அவருக்கு மாமா இல்லை, சித்தப்பா.

இதென்ன பெரிய தவறா, ஏதோ ஒரு உறவுதானே என்று சிலர் கேட்கக்கூடும். பெரிய தவறுதான். தமிழ் உறவுமுறையில் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு இந்தப்பக்கம் பங்காளிகள். அப்பாவின் அண்ணன் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளும் இங்கே வருவார்கள். அந்தப்பக்கம் மாமன் மச்சான்கள். பெண் கொடுத்து எடுக்கிற உறவு அது. கொங்கு நாட்டில் இந்தக் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் பங்காளிகள், அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. அண்ணன் மகன் அதே கூட்டம். அக்கா மகனோ, அக்காவைக் கட்டிக்கொடுத்த வேறு கூட்டம். அதனால்தான் மாமன் அவனைப் பாதி நேரம் "மாப்ளே" என்று கூப்பிடுகிறார். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் ஆளைக் கோட்டின் இந்தப்பக்கத்திலிருந்து அந்தப்பக்கம் தூக்கிப் போட்டதாக ஆகிவிடுகிறது. கணக்குப் படித்தவர்கள் பாஷையில் சொன்னால், பற்றில் போட வேண்டியதை வரவில் போட்ட மாதிரி.

சரி, ராமன் கதைக்கு வருவோம். ராமனுக்கு நிஜமாகவே மருமகன்கள் இருந்தார்கள்! அவருடைய தங்கை சீதாலட்சுமியின் பிள்ளைகள். அதில் ஒருவர் எஸ்.ராமசேஷன், படிகவியல் அறிஞர், பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். இன்னொருவர் எஸ்.பஞ்சரத்தினம். 1956-ல், இருபத்திரண்டு வயதில், ஒளியின் கட்டம் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் அவர் பெயராலேயே பேசப்படுகிறது. மூன்றாமவர் திரவப் படிக ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகங்களை 1977-ல் கண்டுபிடித்த குழுவின் தலைவர். அவர் பெயர் என்ன தெரியுமா?

எஸ்.சந்திரசேகர்.

ஆமாம், அதே பெயர், அதே இனிஷியல். இருவருமே லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள். ஆங்கிலத்தில் இருவருமே ராமனின் "நெஃப்யூ". இவரை அவர் என்று நினைத்துக்கொள்ள இதைவிட வசதி வேண்டுமா? பொதுவாகத் தமிழ்ப் பெயர்களில் உறவைக் கண்டுபிடிக்க இனிஷியல் உதவும். சி.வி.ராமன், சி.சுப்பிரமணிய ஐயர் இருவருக்கும் "சி" பொது, ஏனென்றால் இருவரும் சந்திரசேகர ஐயரின் பிள்ளைகள். ஆனால் இங்கே இனிஷியலும் காலை வாருகிறது. நட்சத்திர ஆராய்ச்சி சந்திரசேகரின் "எஸ்" சுப்பிரமணியன். திரவப் படிக சந்திரசேகரின் "எஸ்" சிவராமகிருஷ்ணன். எழுத்தை விரித்துப் பார்த்தால்தான் இரண்டு வேறு அப்பாக்கள் என்பது தெரியும். அந்த இரண்டு அப்பாக்களில் ஒருவர் ராமனின் அண்ணன், மற்றவர் ராமனின் தங்கை கணவர்.

பெயர் மட்டும் எப்படி ஒன்றானது? குடும்பத்தின் மூத்தவர் பெயர் சந்திரசேகர ஐயர். ஒருவருக்கு அது அப்பாவின் அப்பா பெயர், மற்றவருக்கு அம்மாவின் அப்பா பெயர். கொங்குப் பக்கத்து வழக்கில் சொன்னால் அவருடையது அப்பாரு பெயர், இவருடையது அப்பச்சி பெயர். இரண்டு தாத்தாவுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிற ஊரில் இந்தக் குழப்பமே வந்திருக்காது. ஆங்கிலத்தில் இரண்டும் "கிராண்ட்ஃபாதர்". என்ன செய்வது!

இங்கேதான் நிஜமான இழப்பு இருக்கிறது. ராமன் 1948-ல் பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே அவருடன் இருந்து வளர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். திரவப் படிக சந்திரசேகர் அங்கேதான் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பஞ்சரத்தினத்தின் அந்தப் புகழ்பெற்ற கட்டுரையும் அங்கிருந்துதான் வந்தது. ராமசேஷன் அதற்கு முன்பே, இந்திய அறிவியல் கழகத்தில், ராமனின் மாணவர். மூவருமே தங்கை பிள்ளைகள். அண்ணன் மகனோ 1930-லேயே கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறி, பிறகு சிகாகோவில் தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். இதற்கு உறவுமுறைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வான இயற்பியல் படிக்க விரும்புகிறவருக்கு அன்றைக்கு கேம்பிரிட்ஜ்தான் போக்கிடம். ஆனால் மாமனைச் சுற்றி மருமகன்கள், தூரத்தில் தனியாக அண்ணன் மகன் என்ற காட்சியைத் தமிழில் படிக்கிறவன் கண் உடனே பிடித்துக்கொள்ளும். அதைப் பற்றி யோசிக்கவாவது செய்யும். நான்கு பேரையும் "நெஃப்யூஸ்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிய வரலாற்றில் அந்தக் காட்சியே இல்லை. அதைவிட மோசம், நால்வரையும் "மருமகன்கள்" என்று எழுதுகிற தமிழ் வரலாறு. ஆங்கிலம் சொல்லாமல் விட்டது, இது தப்பாகவே சொல்லிவிடுகிறது.

"கசின்" என்ற சொல் இன்னும் கெட்டிக்காரச் சொல். ராமனின் மகன் வி.ராதாகிருஷ்ணனும் வானியல் அறிஞர்தான். சிகாகோ சந்திரசேகருக்கு அவர் சித்தப்பா மகன், அதாவது தம்பி. தமிழில் "தம்பி" என்று எழுதினால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் ராமசேஷன் அத்தை மகன், முறைக்காரர். அங்கே தம்பி என்று எழுதினால் எந்தப் பாட்டியும் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆங்கிலத்தில் இருவரும் கசின். அதைத் தமிழாக்குகிறவர்கள் இருவரையும் "ஒன்றுவிட்ட சகோதரர்" என்று எழுதுகிறார்கள். மாமன் மகனும் அத்தை மகனும் எந்தக் காலத்தில் சகோதரர் ஆனார்கள்?

தவறு எதிர்த்திசையிலும் ஓடும். முரசொலி மாறன் கலைஞர் கருணாநிதியின் சகோதரி மகன். தமிழில் "கலைஞரின் மருமகன்" என்று எழுதினால் நூற்றுக்கு நூறு சரி. அதை வெளிமாநிலத்தார் ஒருவர் மொழிபெயர்த்தால் "சன்-இன்-லா" ஆகிவிட வாய்ப்பு உண்டு, அகராதியில் அந்த அர்த்தமும் இருக்கிறதே! மாறனின் மகன் தயாநிதி மாறனைத் தமிழ்ப் பத்திரிகைகள் கலைஞரின் பேரன் என்று எழுதும். மருமகன் பிள்ளை பேரன்தான். ஆங்கிலப் பத்திரிகைகள் "கிராண்ட் நெஃப்யூ" என்று எழுதும். இரண்டும் தத்தம் மொழியில் சரியே. பேரனை அப்படியே "கிராண்ட்சன்" ஆக்கினால்தான் கலைஞருக்கு இல்லாத ஒரு மகனோ மகளோ முளைத்துவிடுவார்.

உள்ளூரிலும் இந்தச் சிக்கல் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர்கள் சுவாமி சித்பவானந்தரும் சி.சுப்பிரமணியமும். பசுமைப் புரட்சியின் அமைச்சர், சுவாமியின் "நெஃப்யூ" என்று ஆங்கிலக் குறிப்புகளில் வரும். அந்த ஒரு சொல்லை வைத்துச் சுவாமி அவருக்குப் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று எந்தக் கொங்கு வாசகராவது சொல்லிவிட முடியுமா? இந்த ஊரில் முதலில் கேட்கிற கேள்வியே அதுதானே.

இதைச் சரிசெய்வது ஒன்றும் கஷ்டமில்லை. நெஃப்யூ, கசின், அங்கிள் என்று எது வந்தாலும் அகராதியைத் திறப்பதற்கு முன் இரண்டு பேருக்கும் நடுவில் இணைப்பாக நிற்பவர் யார், அவர் ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்று பார்க்க வேண்டும். ராமனுக்கும் சிகாகோ சந்திரசேகருக்கும் நடுவில் நிற்பவர் அண்ணன் சுப்பிரமணிய ஐயர், அதனால் சித்தப்பா. ராமனுக்கும் பஞ்சரத்தினத்துக்கும் நடுவில் நிற்பவர் தங்கை சீதாலட்சுமி, அதனால் தாய்மாமன். நடுவில் நிற்பவர் யார் என்று மூல நூலில் இல்லையென்றால் வேறு புத்தகத்தில் தேட வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள்கூட "பிரதர்ஸ் சன்", "சிஸ்டர்ஸ் சன்" என்று இரண்டு சொல்லாக எழுதிவிட்டால் போதும். ஒரு சொல்தான் கூடுதல் செலவு.

ஒன்று கவனித்தீர்களா? இந்தத் தவறில் ஒவ்வொரு முறையும் காணாமல் போகிறவர் அந்த நடுவில் நிற்பவர்தான், பெரும்பாலும் ஒரு பெண். மூன்று விஞ்ஞானிகளைப் பெற்ற சீதாலட்சுமியின் பெயர் ராமனைப் பற்றிய எத்தனை தமிழ்ப் புத்தகங்களில் இருக்கிறது என்று அடுத்த முறை நூலகம் போகும்போது பாருங்கள்.